புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு: கசிவும் விறைப்பும்

‘புராஸ்டேட் ஆபரேஷன்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒன்றல்ல, இரண்டு. வயதாக ஆகப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப் பாதையை அடைக்கும்போது, ஆணுறுப்பின் வழியே கருவியைச் செலுத்தி, அடைக்கும் பகுதியை மட்டும் சீவி எடுப்பது ஒன்று. புற்றுநோய் வந்தால் சுரப்பியை முழுவதுமாக, அதன் பின்னால் உள்ள விந்துப் பைகளோடு சேர்த்து அகற்றுவது மற்றொன்று. முதல் வகையில் நீடித்த சிறுநீர்க் கசிவு அபூர்வம். விறைப்பும் பெரும்பாலும் பழையபடியே இருக்கும். விந்து வெளியே வராமல் சிறுநீர்ப் பைக்குள் திரும்பிவிடுவதுதான் அங்கே அடிக்கடி நடப்பது. இரண்டாவது வகைக்குப் பிறகோ கசிவும் விறைப்புக் குறைவும் ஏறத்தாழ எல்லாரும் கடந்தாக வேண்டிய கட்டங்கள். வயிற்றைத் திறந்து செய்தாலும், சிறு துளைகள் வழியே செய்தாலும், ரோபோ உதவியோடு செய்தாலும் உள்ளே வெட்டப்படுவதும் தைக்கப்படுவதும் ஒன்றேதான். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

புராஸ்டேட் சிறுநீர்ப் பைக்கு நேர் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஆணின் உடலில் சிறுநீரைத் தடுத்து நிறுத்த இரண்டு காவல்கள் உண்டு. மேல் காவல், சிறுநீர்ப் பையின் கழுத்தில் உள்ள சுருக்குத் தசை. அது நம் நினைப்புக்குக் காத்திராமல் தானாகவே இறுகி நிற்கும். தூங்கும்போதும் வேலை செய்யும். கீழ் காவல், புராஸ்டேட்டுக்குக் கீழே குழாயைச் சூழ்ந்திருக்கும் வெளிச் சுருக்குத் தசை. நாம் வேண்டும்போது இறுக்கக்கூடியது இது. அறுவையில் புராஸ்டேட் எடுக்கப்படும்போது மேல் காவலின் பெரும்பகுதியும் அதோடு போய்விடுகிறது. பின்னர் சிறுநீர்ப் பையின் வாயைக் கீழே இழுத்து, மீந்திருக்கும் சிறுநீர்க் குழாயோடு நேராகத் தைக்கிறார்கள். அறுபது ஆண்டுகள் இரண்டாம் நிலையில் நின்று பழகிய கீழ் காவல், ஒரே நாளில் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாகிறது. அதுவும் அறுவையின்போது இழுபட்டு, வீங்கி, நரம்புத் தொடர்பு சற்றே தளர்ந்த நிலையில்.

இந்த வெளிச் சுருக்குத் தசை தனியாக இயங்குவதில்லை. முன்புறம் பூப்பெலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்பு வரை ஒரு தூளியைப் போலக் கட்டப்பட்டிருக்கும் தசைக் கூட்டம்தான் இடுப்புத்தளம். அதன் ஒரு பட்டை மலக்குடலைச் சுற்றிவந்து முன்னோக்கி இழுக்கிறது. சிறுநீர்க் குழாயும் அதனால் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. சுருக்குத் தசையோ குழாயைப் பின்னோக்கி அழுத்துகிறது. இரண்டும் எதிரெதிராக நெருக்கும்போது குழாய் நடுவில் மூடிக்கொள்கிறது. இன்னும் கீழே, ஆணுறுப்பின் வேரைச் சுற்றியுள்ள தசையும் தன் பங்குக்குப் பிடிக்கிறது. புராஸ்டேட்டுக்குக் கீழே மிஞ்சும் குழாய்ப் பகுதி எவ்வளவு நீளமாக இருக்கிறதோ, அந்த அளவுக்குக் கட்டுப்பாடு விரைவில் திரும்பும். அறுவைக்கு முன் எடுக்கும் எம்ஆர்ஐ படத்திலேயே அந்த நீளத்தை அளந்துவிடலாம். வயது, உடல் பருமன், ஏற்கெனவே சிறுநீர் அடங்காத தொல்லை இருந்ததா என்பவையும் கணக்கில் சேரும். ஆகவே ஒரே மருத்துவரிடம் ஒரே வாரத்தில் அறுவை செய்துகொண்ட இருவரில் ஒருவர் மூன்றாம் வாரத்திலும் இன்னொருவர் ஆறாம் மாதத்திலும் உலர்ந்த நிலைக்கு வருவதில் வியப்பில்லை.

கதீட்டர் எடுக்கும் நாள்

தையல் ஆறும்வரை, வழக்கமாக ஒன்று முதல் இரண்டு வாரம், சிறுநீர் கதீட்டர் வழியே பைக்குப் போகிறது. அதை எடுக்கும் நாளில்தான் பலருக்கு அதிர்ச்சி. எழுந்து நின்றதும் கால் வழியே ஒழுகும். முன்கூட்டியே சொல்லப்படாதவர்கள் அறுவை தோற்றுவிட்டது என்றே எண்ணிவிடுகிறார்கள். மருத்துவமனைக்குப் போகும்போதே நல்ல உறிஞ்சும் பேட் இரண்டு மூன்றும், தளர்வான மாற்று உடையும் கொண்டுபோவது நல்லது.

கட்டுப்பாடு திரும்புவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் இரவு உலர்கிறது. படுத்திருக்கும்போது கீழ்நோக்கிய அழுத்தம் குறைவு என்பதால் சேதப்பட்ட தசையாலும் தாங்க முடிகிறது. அடுத்து உட்கார்ந்திருக்கும் நேரம். பிறகு காலையில் நிற்பதும் நடப்பதும். மாலை நேரம்தான் கடைசி, ஏனென்றால் பகல் முழுவதும் உழைத்த தசை அப்போது களைத்துவிடுகிறது. காலையில் உலர்ந்திருந்து மாலையில் நனைபவர், தேறி வருகிறார் என்றே கொள்ளலாம். படுத்திருக்கும்போதும் இடைவிடாமல் சொட்டுகிறது, பாத்ரூமில் கழிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றால், அது வேறு நிலை. அறுவை மருத்துவருக்குத் தெரிய வேண்டியது.

இந்தக் காலத்தில் பலர் செய்யும் தவறு தண்ணீரைக் குறைப்பது. குறைத்தால் சிறுநீர் செறிவடைந்து பையை எரிச்சலூட்டும். அடக்க முடியாத அவசரம் கூடும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கலாம். குறைக்க வேண்டியது காபி, டீ, மது ஆகியவற்றை. கசியுமோ என்று பயந்து அரை மணிக்கு ஒருமுறை கழிவறைக்கு ஓடுவதும் கூடாது. அப்படிச் செய்தால் பை கொஞ்சம் நிறைந்தவுடனே சுருங்கப் பழகிவிடும். மலச்சிக்கலும் கெடுதல், முக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்புத்தளம் கீழே தள்ளப்படுகிறது.

சரியான தசை எது

இடுப்புத்தளப் பயிற்சிக்கு கெகல் பயிற்சி என்ற பெயர் வந்தது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகலால். பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசியும் பெண்களுக்காக 1948-இல் அவர் இதை விவரித்தார். ஆண்களுக்கும் அதே அறிவுரை அப்படியே கைமாறியது. ‘ஆசனவாயை இறுக்குங்கள், வாயு போகாமல் அடக்குவதைப் போல’ என்பதே பல ஆண்டுகளாக ஆண்களுக்குக் கிடைத்த வழிகாட்டல்.

அது அரைகுறை வழிகாட்டல் என்பது பின்னர் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ரயன் ஸ்டாஃபோர்டும் பால் ஹாட்ஜஸும் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, வெவ்வேறு சொற்களில் கட்டளையிட்டால் உள்ளே எந்தத் தசை அசைகிறது என்று பார்த்தார்கள். ‘ஆசனவாயை இறுக்குங்கள்’ என்றபோது பெரும்பாலும் ஆசனவாய்த் தசையே இறுகியது. ‘சிறுநீர்ப் பையை மேலே தூக்குங்கள்’ என்றபோது வயிற்றுத் தசை இறுகி, உள்ளழுத்தம் கூடியது. கசிவுள்ளவருக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ‘ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குட்டையாக்குங்கள்’ என்று சொன்னபோதுதான் சிறுநீர்க் குழாயின் சுருக்குத் தசை நன்றாக இயங்கியது. கேட்கக் கொஞ்சம் வேடிக்கையான கட்டளைதான். ஆனால் மாதக் கணக்கில் பயிற்சி செய்தும் பலன் காணாத பலருக்கு, குறை உழைப்பில் அல்ல, இந்தச் சொல்லில்தான் இருந்திருக்கிறது.

வீட்டிலேயே சரிபார்க்க ஒரு கண்ணாடி போதும். உடையின்றி கண்ணாடி முன் நின்று, மூச்சைச் சாதாரணமாக விட்டபடி, குளிர்ந்த நீரில் இறங்கும்போது செய்வதைப் போல ஆணுறுப்பை உள்ளிழுக்க வேண்டும். உறுப்பின் வேர்ப்பகுதி சற்றே உள்வாங்கும். விதைகள் லேசாக மேலெழும்பும். விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால், தசை விரலைவிட்டு மேலே விலகுவது தெரியும். விரலை நோக்கி அது புடைத்தால், இறுக்குவதற்குப் பதில் முக்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. இறுக்கிப் பிடித்தபடியே பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேச முடிந்தால் மூச்சு அடைபடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒருமுறை உதவும். அதையே தினசரிப் பயிற்சியாக்குவது தவறு. பை முழுதாகக் காலியாகாமல் போகப் பழகிவிடும்.

பயிற்சியும் அதன் அளவும்

தசையைக் கண்டுபிடிக்கச் சிறந்த நேரம் அறுவைக்கு முன்பே, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன். அப்போது வலி இல்லை, நரம்பு முழுமையாக இருக்கிறது, உடல் சொன்னதைக் கேட்கும். அறுவை முடிந்து கதீட்டர் உள்ளே இருக்கும் நாட்களில் பயிற்சி வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. குழாயை இறுக்கினால் பை எரிச்சலடைந்து வலியோடு சுருங்கும். கதீட்டர் வெளியே வந்ததும், மருத்துவர் அனுமதியோடு, மெதுவாகத் தொடங்கலாம்.

பயிற்சியில் இரண்டு விதம் உண்டு. ஒன்று நிதானமானது: இறுக்கிச் சில நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுவதும் தளர்த்துவது. தொடக்கத்தில் மூன்று நான்கு நொடிதான் பிடிக்க முடியும். வாரங்கள் போகப் போகப் பத்து நொடியை எட்டலாம். பத்து தடவை ஒரு சுற்று, நாளுக்கு மூன்று சுற்று என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மற்றொன்று விரைவானது: சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது. இருமல் வருமுன் குழாயை மூடத் தேவையான வேகத்தை இது தருகிறது. தளர்த்துவதும் பயிற்சியின் பாதி. முழுதாகத் தளராத தசை அடுத்த முறை இறுகாது.

முழு பலத்தோடு இறுக்க வேண்டும் என்பதில்லை. பாதி பலத்தில், சரியான தசையால், மூச்சடைக்காமல் செய்வதே மேல். படுத்த நிலையில் பழகிய பிறகு உட்கார்ந்தும் நின்றும் செய்ய வேண்டும். கசிவு நிற்கும்போதுதான் வருகிறது என்பதால் நின்றபடி செய்யும் பயிற்சிக்குத் தனி மதிப்பு.

இவற்றைவிடவும் அன்றாடத்தில் கைகொடுப்பது முன்பிடிப்பு. இருமுவதற்கும் தும்முவதற்கும் முன், குடத்தைத் தூக்குமுன், தரையில் சாப்பிட உட்கார்ந்தவர் கையூன்றி எழுமுன், ஒரு நொடி முன்னதாகத் தசையை இறுக்கிவிட்டு அந்தக் காரியத்தைச் செய்வது. முதல் சில வாரம் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருக்கும். பின்னர் கை சூட்டைத் தொட்டால் விலகுவது மாதிரி தானாக வரும். அது தானாக வருவதே மொத்தப் பயிற்சியின் குறிக்கோள்.

அளவுக்கு மீறுபவர்களும் உண்டு. நாளுக்கு முந்நூறு தடவை இறுக்கினால் மூன்று மடங்கு வேகமாகச் சரியாகும் என்று கணக்குப் போடுகிறார்கள். களைத்த தசை மாலையில் இன்னும் அதிகமாகக் கசியவிடும். விதைப்பைக்குப் பின்னால் மந்தமான வலி, உட்கார்ந்தால் உறுத்தல், சிறுநீர் தொடங்கத் தாமதம் ஆகியவை வந்தால் தசை விறைத்துக் கிடக்கிறது. அப்போது தேவை ஓய்வும் தளர்த்தும் பயிற்சியும்தான்.

ஒரு கணக்கு

தேறுகிறோமா என்பதை மனம் சரியாகச் சொல்லாது. ஒரு நாள் நனைந்தாலே ‘கொஞ்சமும் குறையவில்லை’ என்று தோன்றும். சமையலறைத் தராசு சரியாகச் சொல்லும். உலர்ந்த பேட்டின் எடையைக் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்தில் மாற்றிய பேட்களை எல்லாம் ஒரு பையில் கட்டிவைத்து நிறுத்தால், கூடுதல் எடை கிராமில் எவ்வளவோ, கசிந்த சிறுநீர் மில்லியில் கிட்டத்தட்ட அவ்வளவு.

விளக்கத்துக்காக 64 வயதான ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். கதீட்டர் எடுத்த முதல் வாரம் நாளுக்கு ஐந்து பேட். உலர்ந்த பேட் ஒன்று 25 கிராம் என்றால் ஐந்துக்கு 125. நனைந்த ஐந்தின் எடை 545 கிராம். வித்தியாசம் 420, அதாவது ஒரு நாளில் ஏறக்குறைய 420 மில்லி கசிவு. மூன்றாம் வாரத்தில் அது 180 ஆகிறது, இரவு உலர்ந்துவிட்டது. ஆறாம் வாரத்தில் 170, எட்டாம் வாரத்தில் 175. முன்னேற்றம் நின்றுவிட்டது. அவர் விடாமல் பயிற்சி செய்துகொண்டுதான் இருக்கிறார்.

பிசியோதெரபிஸ்ட் அல்ட்ராசவுண்டில் பார்க்கும்போது காரணம் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் ஆசனவாயைப் பலமாக இறுக்கி, கூடவே வயிற்றையும் உள்ளே இழுக்கிறார். சிறுநீர்ப் பை கீழே தள்ளப்படுகிறது. கட்டளை மாற்றப்படுகிறது: பாதி பலம், ஆணுறுப்பை உள்ளிழுப்பது, மூச்சை விட்டபடி. திரையில் தன் தசை அசைவதைத் தானே பார்த்துக் கற்கிறார். தினசரிச் சுற்றில் பாதியை நின்றபடி செய்கிறார். மாலை நடையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். பத்தாம் வாரம் 70, பதினான்காம் வாரம் 12. மிச்சமிருப்பது பேரனைத் தூக்கும்போது வரும் சில சொட்டுகள். சில கிராம் வரை வியர்வையாலும் கூடும் என்பதால் அவரை இனி உலர்ந்தவர் என்றே சொல்லலாம்.

இவருடைய எண்கள் எல்லாருக்கும் பொருந்தா. ஆனால் கவனிக்க வேண்டியது அந்த ஆறாம், எட்டாம் வாரங்களை. எண் தொடர்ந்து இறங்கினால் எதையும் மாற்ற வேண்டாம். நின்றுவிட்டால் இன்னும் அதிகமாகச் செய்வதைவிட, எப்படிச் செய்கிறோம் என்று ஒருவர் பார்ப்பதே முக்கியம். திடீரென ஏறினால், அதோடு சிறுநீர்த் தாரையும் நூலாக மெலிந்தால், தைத்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். அடைப்பு காரணமாகப் பை நிரம்பி வழியும் சிறுநீரும் கசிவு மாதிரியே தோன்றும். அதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. காய்ச்சல், சிறுநீர் சிறிதும் வராமை, கட்டி கட்டியாக ரத்தம் ஆகியவை அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

பெல்ஜியத்தின் லூவன் நகரில் மரிக்கே வான் கம்பன் குழுவினர் நடத்தி 2000-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்டின் நேரடிப் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் கட்டுப்பாடு பெற்றார்கள். பெறாதவர்களில் 56 சதவீதம். இதைப் பார்த்தால் பயிற்சியே எல்லாம் என்று தோன்றும். பதினோரு ஆண்டு கழித்து அதே இதழில் பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அறுவைக்கு ஆறு வாரம் கழித்தும் கசிவு இருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு மூன்று மாதத்தில் நான்கு பயிற்சி அமர்வுகள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் 76 சதவீதம் பேருக்கும் இரண்டாவதில் 77 சதவீதம் பேருக்கும் ஏதோ ஓர் அளவில் கசிவு இருந்தது. வித்தியாசமே இல்லை.

இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. லூவனில் கணக்கு எடுத்தது மூன்றாம் மாதத்தில், அதுவும் கதீட்டர் எடுத்தவுடனே தொடங்கிய பயிற்சிக்கு. பிரிட்டனில் ஆறு வாரம் கழித்துத் தொடங்கி, ஓராண்டில் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் கசிவு என்றே எண்ணினார்கள். வழக்கமான கவனிப்புப் பிரிவிலும் பலர் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துத் தாமாகவே பயிற்சி செய்தார்கள். சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நியாயமான முடிவு இது: பயிற்சி கட்டுப்பாட்டைச் சீக்கிரம் கொண்டுவருகிறது, காலம் போகப் போகப் பயிற்சி செய்யாதவர்களில் பலரும் அந்த இடத்தை எட்டிவிடுகிறார்கள். ஆறு மாதம் முன்னதாக உலர்வதென்பது, கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ பேட் இல்லாமல் போக முடிவது. வேலைக்குத் திரும்ப முடிவது. அது சிறிய லாபமல்ல. ஆனால் பயிற்சி செய்தும் கசிவு நிற்காதவர் தன் சோம்பலைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

தாமதமாகத் தொடங்கினாலும் பயன் உண்டு. அறுவை முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் கசிவு தீராதவர்களைக் கொண்டு அமெரிக்காவில் பட்ரிஷியா குட் தலைமையில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு வாரத்துக்கு 28 முறை இருந்த கசிவு 13 ஆகக் குறைந்தது. மின்தூண்டலையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மின்கருவிகளுக்குப் பணம் கட்டும்படி சொல்லப்படுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பாதிக்குக் கீழே இறங்காமல் நிற்கும் கசிவுக்கு அறுவை வழிகள் இருக்கின்றன. மிதமான கசிவுக்குக் குழாயின் கீழ் ஒரு பட்டையைப் பொருத்துவார்கள். கடுமையான கசிவுக்குச் செயற்கைச் சுருக்குத் தசை. குழாயைச் சுற்றி நீர் நிரம்பிய சிறு வளையம். விதைப்பைக்குள் ஒரு பம்ப். பம்பை அழுத்தினால் வளையம் தளர்ந்து சிறுநீர் வரும். சில நிமிடத்தில் தானாக இறுகிவிடும். இதன் முதல் வடிவம் 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் பொருத்தப்பட்டது. பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இயற்கைக்கும் பயிற்சிக்கும் அவகாசம் கொடுத்த பிறகே இந்தப் பேச்சு எழும்.

விறைப்பு: நரம்பும் தசையும்

விறைப்பின் கதை வேறு. இங்கே முதல் சிக்கல் தசையில் இல்லை, நரம்பில். ஆணுறுப்புக்கு ரத்தத்தைத் திறந்துவிடும் கட்டளையைச் சுமக்கும் மெல்லிய நரம்புகள் புராஸ்டேட்டின் இருபுறமும் அதன் உறையை ஒட்டியே ஓடுகின்றன. இவை எங்கே ஓடுகின்றன என்பதே நெடுநாள் தெரியாமல் இருந்தது. அதனால் 1980-க்கு முன் இந்த அறுவை செய்துகொண்ட ஏறக்குறைய எல்லா ஆண்களும் விறைப்பை இழந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பாட்ரிக் வால்ஷ், 1981-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பீட்டர் டோங்கர் என்ற ஓய்வுபெற்ற சிறுநீரகவியல் பேராசிரியரைச் சந்தித்தார். இறந்து பிறந்த சிசுவின் உடலில் இந்த நரம்புகளைப் பிரித்துப் பார்த்து அவற்றின் பாதையை இருவரும் கண்டார்கள். அடுத்த ஆண்டே வால்ஷ் அவற்றை ஒதுக்கிக் காக்கும் முதல் அறுவையைச் செய்தார்.

காப்பாற்றப்பட்ட நரம்பும் சும்மா இருப்பதில்லை. இழுபட்டதாலும் சூடு பட்டதாலும் அது மயக்கமுற்றதுபோல் செயலற்றுக் கிடக்கும். விழித்தெழ மாதங்களாகும், 18 முதல் 24 மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும். மூன்றாம் மாதத்தில் விறைப்பு இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. புற்று உறை வரை பரவியிருந்தால் ஒரு பக்க நரம்பையோ இரண்டையுமோ எடுத்துவிட நேரும். எந்தப் பக்கம் காக்கப்பட்டது என்பதை அறுவைக்குப் பின் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். பின்னால் வரும் சிகிச்சைத் தேர்வு முழுவதும் அதைப் பொறுத்தது. அறுவைக்கு முன் இருந்த விறைப்பு, வயது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவையும் தீர்மானிக்கும்.

நரம்பு உறங்கும் அந்தக் காலத்தில் விறைப்பே வராததால் உறுப்பின் திசுவுக்கு நல்ல ரத்தம் பாய்வதில்லை. பிராணவாயு குறைந்த திசு மெல்ல நார்த்தன்மை அடைகிறது. பிறகு நரம்பு விழித்தாலும், வந்த ரத்தத்தைத் தேக்கிவைக்க முடியாமல் திசு ஒழுகவிடுகிறது. உறுப்பு சற்றே குறுகுவதும் உண்டு. இதைத் தடுக்கும் முயற்சிக்குத்தான் விறைப்பு மறுவாழ்வு என்று பெயர்.

இடுப்புத்தளப் பயிற்சி இதில் எங்கே வருகிறது? ஆணுறுப்பின் வேர்களை இருபுறமும் அணைத்தபடி இரண்டு தசைகள் உள்ளன. ரத்தம் நிறைந்தபின் அவை இறுகி, உள்ளே உள்ள அழுத்தத்தை உடலின் ரத்த அழுத்தத்துக்கும் மேலாக ஏற்றுகின்றன. உறுப்பு முழு உறுதி பெறுவது அப்போதுதான். நடுவில் உள்ள தசை, ரத்தம் வெளியேறும் சிரையை அழுத்திப் பிடிக்கிறது. ஆக, தசைப் பயிற்சி கடைசிக் கட்ட உறுதிக்கும் விறைப்பைத் தக்கவைப்பதற்கும் உதவ முடியும். விறைப்பைத் தொடங்கிவைக்க முடியாது. அது நரம்பின் வேலை.

பிரிட்டனின் பிசியோதெரபிஸ்ட் கிரேஸ் டோரி, விறைப்புக் குறைவுள்ள 55 ஆண்களிடம் இதைச் சோதித்து 2000-களின் நடுவில் முடிவுகளை வெளியிட்டார். 40 சதவீதம் பேர் இயல்பான விறைப்பைப் பெற்றார்கள், 35 சதவீதத்துக்குச் சற்று மேல் முன்னேறினார்கள், மற்றவர்களுக்கு மாற்றமில்லை. அவருடைய முறை எளியது: நின்று மூன்று, உட்கார்ந்து மூன்று, படுத்து மூன்று என வலுவான இறுக்கங்கள், ஒவ்வொன்றும் பத்து நொடி வரை, நாளுக்கு இருமுறை. சிறுநீர் கழித்து முடித்தபின் ஒருமுறை பலமாக இறுக்கிக் குழாயில் தங்கிய சொட்டுகளை வெளியேற்றுவது இன்னொன்று. ஆனால் அந்த 55 பேர் புராஸ்டேட் அகற்றப்பட்டவர்கள் அல்லர். நரம்பு அடிபட்டவர்களிடம் அதே விகிதத்தை எதிர்பார்ப்பது சரியாகாது. கசிவுக்காக எப்படியும் செய்யும் பயிற்சியின் உபரிப் பலன் என்று இதைக் கொள்வதே பொருத்தம்.

மற்ற வேலையை மருந்தும் கருவியும் செய்கின்றன. சில்டெனஃபில், டடாலஃபில் போன்ற மாத்திரைகள் நரம்பு அனுப்பும் கட்டளையைப் பெரிதாக்குபவை. கட்டளையே வராதபோது பெரிதாக்க ஒன்றுமில்லை. அதனால்தான் முதல் மாதங்களில் மாத்திரை பலிக்காதது தோல்வியல்ல. ஆறு மாதம் கழித்து அதே மாத்திரை பலிக்கலாம். தினசரி டடாலஃபில் எடுத்துக்கொண்டவர்களுக்கு உறுப்பு குறுகுவது குறைந்தது. ஆனால் மருந்தை நிறுத்தியபின் தானாக விறைப்பது கூடியதாகத் தெரியவில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பேருந்து நிலையச் சுவர்களில் ‘ஆண்மைக் குறைவா?’ என்று கேட்கும் விளம்பரங்களின் லேகியங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இப்படி விற்கப்படும் பொருட்களில் சில்டெனஃபில் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

வெற்றிடப் பம்புக்கு நரம்பு தேவையில்லை. உறுப்பின் மேல் உருளையைப் பொருத்திக் காற்றை வெளியேற்றினால் ரத்தம் இழுபட்டு நிறைகிறது. திசுவை நீட்டி வைக்கும் பயிற்சியாகவும் அமைகிறது. உறவுக்காக வேரில் வளையம் போட்டால் அதை முப்பது நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அல்ப்ரோஸ்டாடில் போன்ற மருந்தை மெல்லிய ஊசியால் உறுப்பின் பக்கவாட்டில் செலுத்துவதும் நரம்பு இல்லாமலே பலிக்கும். முதல் அளவு மருத்துவர் முன்னிலையில்தான் போடப்படும். விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் அது அவசர சிகிச்சைக்குரியது.

உச்சம் என்பது விறைப்பைச் சார்ந்ததல்ல. விறைக்காத உறுப்பிலும் உச்சம் வரும். விந்து வராது, ஏனென்றால் அதைத் தயாரித்த சுரப்பிகள் இல்லை. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இன்னும் இருப்பவர் அறுவைக்கு முன்பே விந்தைச் சேமித்துவைக்க வேண்டும். உச்சத்தின்போது சிறிது சிறுநீர் வருவதும் பலருக்கு நேர்கிறது. வெட்கத்தால் இதை வாய்விட்டுச் சொல்லாமல், மனைவியை நெருங்குவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. முன்னதாகச் சிறுநீர் கழித்துவிடுவதும், தேவையானால் ஆணுறை அணிவதும் போதும். இடுப்புத்தளம் வலுப்பெறும்போது இதுவும் பெரும்பாலும் குறைகிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் மாத்திரை, பம்பு, ஊசி எதுவும் ஒத்துவராதவர்களுக்கு ஆணுறுப்புக்குள் நீரேறும் உருளைகளைப் பொருத்தும் அறுவை இருக்கிறது. உள்ளே உள்ள திசு அகற்றப்படுவதாலோ நசுங்குவதாலோ அதற்குப் பிறகு இயற்கையான விறைப்புக்கு வழியில்லை. எனவே மற்றவற்றை முயன்று பார்த்த பின்னரே இதைத் தேர்வு செய்வார்கள். கசிவும் தீராதிருந்தால், செயற்கைச் சுருக்குத் தசையையும் இதையும் ஒரே உடலில், ஒரே அமர்விலோ சில மாத இடைவெளியிலோ பொருத்த முடியும்.